கறுக்காத கோடுகள்

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வீட்டுப் பார்வைக்கென்று ஒரு கறுப்புப் பை இருக்கிறது. அதன் மூடியின் உட்புறத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். கட்டுப் போடும் பொதி இரண்டு, உறை பிரிக்காத கையுறை நான்கு ஜோடி, உப்புநீர்ப் பாட்டில் இரண்டு, சீல் வைத்த காஸ் துணி, பயன்படுத்திய ஊசியைப் போடும் டப்பா, கழிவுக்கு மஞ்சள் பை, சிவப்புப் பை, சோப்பு, கைத்துண்டு, தரையில் விரிக்கப் பழைய செய்தித்தாள் என்று இருபத்தியிரண்டு வரிகள். ஒவ்வொரு பார்வையும் முடிந்து திரும்பியதும், தண்ணீர் குடிப்பதற்கு முன்பே, குறைந்ததை நிரப்பி, வரிக்கு வரி டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். காலையில் பையைத் தூக்குகிறவர் அந்தக் கையெழுத்தை நம்பித்தான் படியிறங்குவார். காலையில் தூக்குவதும் பெரும்பாலும் நான்தான். அதாவது, என்னை நானே நம்பிக்கொண்டு போய்வந்தேன்.

நான் எதையும் இரண்டு தடவை பார்க்கிறவள். வீட்டைப் பூட்டிவிட்டு நான்கு எட்டு நடந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மகளுக்கு அப்போது பத்து மாதம். என் நாத்தனாரிடம் அவளை விட்டுவிட்டுப் பஸ் ஏறினால், பால் புட்டியைக் கொதிக்கவைத்தேனா, வெறுமனே கழுவினேனா என்று போடி பஸ் நிலையம் வரும்வரை யோசித்துக்கொண்டிருப்பேன். இறங்கியதும் போன் போட்டுக் கேட்பேன். நாத்தனார் சிரிப்பார். அப்படிப்பட்ட எனக்கு அந்தப் பட்டியல் பெரிய ஆறுதல். அடித்த டிக் அடித்ததுதான். அதைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டியதில்லை.

நடந்ததைச் சொல்வதற்கு முன் பொதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புண்ணுக்குப் பயன்படுத்திய இடுக்கி, கத்தரி, சின்னக் கிண்ணம் எல்லாவற்றையும் முதலில் குளோரின் கரைசலில் ஊறவைத்து, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவைப்போம். பிறகு பஞ்சும் காஸும் சேர்த்து இரட்டைத் துணியில் கட்டி, மேலே ஒரு டேப் ஒட்டி, அதில் தேதி எழுதுவோம். அதற்குப் பின்தான் ஆட்டோகிளேவ். அது நீராவியால் கிருமியைக் கொல்லும் பெரிய குக்கர் மாதிரியான இயந்திரம். ஒட்டும்போது டேப்பில் இருக்கும் சாய்ந்த கோடுகள் வெளிறித் தெரியும். நீராவியில் வெந்து வெளியே வந்தால் அதே கோடுகள் கறுத்திருக்கும். கறுத்தால்தான் பொதி உள்ளே போய்வந்தது என்று அர்த்தம். இது செவிலியர் படிப்பின் முதல் வருஷப் பாடம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நான் ஆறு பொதிகள் கட்டி, டேப் ஒட்டி, அன்றைய தேதி எழுதி, ஆட்டோகிளேவ் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். பத்து மணி வாக்கில் இயந்திரத்தை ஓட்டுவது அக்காவின் வேலை. அக்கா என்றால் என்னைவிடப் பதினைந்து வருஷம் மூத்த செவிலியர். நிலையத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். ஆனால் அன்று மதியம்வரை கரண்டு இல்லை. அது எனக்குத் தெரியாது, நான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தேன்.

நான்கு மணிக்குத் திரும்பினேன். பையிலிருந்த இரண்டு பொதியும் செலவாகியிருந்தன. அலமாரிச் சாவி அக்காவிடம், அக்கா பிரசவ அறையில். மேஜையில் பொதிகள் வரிசையாக இருந்தன. வெந்து எடுத்த பொதிகளை அலமாரியில் அடுக்குவதற்கு முன் அதே மேஜையில்தான் ஆறவைப்போம். தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். டேப்பில் என் கையெழுத்தில் அன்றைய தேதி. புதுப் பொதி, ஏழு நாள் தாங்கும் என்று ஒரு திருப்திகூட வந்தது. இரண்டை எடுத்துப் பையில் வைத்து, டிக் அடித்து, கையெழுத்துப் போட்டேன். பால் கட்டி மார்பு வலித்துக்கொண்டிருந்தது. ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

கோடுகளைப் பார்த்தேனா? பார்த்திருப்பேன். கண் அந்த டேப்பில்தானே இருந்தது. தேதியைப் படித்த கண்ணுக்கு அதற்கு அடியில் இருந்த கோடு எப்படித் தெரியாமல் போனது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் புதன்கிழமை ராசிங்காபுரம். அங்கே ஒரு சம்சாரி, அறுபதைத் தொட்டவர், தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும் உள்ளவர். சர்க்கரையால் வலதுகால் பெருவிரலை எடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. எடுத்த இடம் மெல்ல மெல்ல ஆறிவந்தது. பக்கத்து விரலைக் காப்பாற்றிவிட்டால் நடக்கலாம், அதுவும் போனால் பாதத்தையே பார்க்க வேண்டிவரும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவருக்கு அது நன்றாகப் புரியும். ஆனாலும் நான் போகும்போதெல்லாம் ஏதாவது கேலி பேசுவார். ஒரு விரலை ஆஸ்பத்திரிக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன், இன்னொன்றையும் கேட்டால் பத்திரம் எழுதித் தரமாட்டேன் என்பார். அவர் மனைவி பேசமாட்டார். வெந்நீர், சோப்பு, சுத்தமான துண்டு, எல்லாம் நான் கேட்பதற்கு முன்பே முற்றத்தில் வைத்திருப்பார்.

அன்றும் அப்படித்தான். செய்தித்தாளை விரித்துப் பையை வைத்தேன். கை கழுவினேன். பட்டியலைப் பார்த்தேன். உறையைப் பிரித்துக் கையுறை போட்டேன். அவர் மனைவி மேல்துணியைப் பிரித்துப் பிடிக்க, உள்ளிருந்த இடுக்கியால் புண்ணைத் துடைத்து, ஓரத்தில் செத்திருந்த தோலைக் கத்தரித்து, கட்டுப் போட்டேன். சதை நல்ல சிவப்பாக இருந்தது. இன்னும் மூன்று வாரத்தில் மூடிவிடும் என்று சொன்னேன். திரும்பி வந்ததும் குறைந்த ஒரு பொதியை, இந்தத் தடவை அக்கா கையால் அலமாரியிலிருந்து வாங்கி நிரப்பினேன்.

வியாழக்கிழமை மலை. முந்தல் கிராமத்தைத் தாண்டி ஜீப்பில் மலை வளைவுகளில் ஏறி, இறங்கி நடந்தால் ஏலத்தோட்டத்துக்கு நடுவே நான்கைந்து வீடுகள். அதில் ஒன்றில், நிழல் மரத்தில் கிளை கழிக்கும்போது விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கும் ஒருவர். நாற்பது வயதுகூட இல்லை. அவருக்கு முதுகின் அடியில் படுக்கைப்புண். மனைவி தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவர். நான் வரும் நாளில் மட்டும் அரைநாள் தங்குவார். ஜன்னல் வழியாகப் பச்சை ஏலக்காய் காயும் வாசனை வந்துகொண்டிருந்தது.

அவரைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்தோம். கை கழுவிவிட்டுப் பையைத் திறந்து, ஒரு பொதியை எடுத்துக் காகிதத்தின் மேல் வைத்தேன். கையுறைப் பொட்டலம் அடியில் மாட்டிக்கொண்டிருந்ததால் இரண்டாவது பொதியையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

இரண்டும் அருகருகே கிடந்தன. ஒன்றின் டேப்பில் கோடுகள் கன்னங்கரேல் என்று இருந்தன. இன்னொன்றில் வெளிறிய கோடு, சாயம் ஏறாத துணி மாதிரி. அதற்குமேல் என் கையெழுத்தில் செவ்வாய்க்கிழமைத் தேதி.

முதலில் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. டேப் மட்டமான டேப்போ என்று நினைத்தேன். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பிறகுதான், இதே தேதி போட்ட இன்னொரு பொதி நேற்று இந்தப் பையில் இருந்தது என்பது ஞாபகம் வந்தது. காது அடைத்துப்போனது. எதிரே அந்தப் பெண் ஏதோ கேட்கிறாள், வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை.

"சிஸ்டர், என்னாச்சு? மயக்கமா வருதா?" என்று அவள் என் தோளைத் தொட்டபோதுதான் கேட்டது.

ஒன்றுமில்லை என்றேன். டேப்பைச் சுரண்டிய கையை மறுபடி போய்க் கழுவினேன். கறுத்த பொதியைப் பிரித்து, அந்த மனிதருக்குக் கட்டுப் போட்டு முடித்தேன். கை தானாக வேலை செய்தது. வெளிறிய பொதியைச் சிவப்புப் பையிலும் போடாமல், பைக்குள்ளும் வைக்காமல், தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் பாலில்லாத கட்டஞ்சாயா போட்டு வைத்திருந்தாள். குடித்தேனா என்று நினைவில்லை.

அங்கே போன் எடுக்காது. ரோட்டுக்கு இறங்கி, கீழே போகும் ஜீப் கிடைக்க முக்கால் மணி நேரம். ஏலமூட்டை லோடுக்கு நடுவில் உட்கார்ந்து வளைவு வளைவாக இறங்கினேன். ஒரு வளைவில், நேற்றைய பொதி வெந்ததாகவும் இருக்கலாம் என்று தோன்றும். அடுத்த வளைவில், இரண்டையும் ஒரே கையால் ஒரே மேஜையிலிருந்துதானே எடுத்தாய் என்று தோன்றும். போனில் சிக்னல் வந்த பிறகும் நான் யாருக்கும் பேசவில்லை. முதலில் ஒன்றைப் பார்க்க வேண்டியிருந்தது.

பொதியின் மேல்துணியை நாங்கள் தூக்கிப்போடுவதில்லை. துவைக்கிற வாளியில் போடுவோம். வெள்ளிக்கிழமைதான் சலவைக்குப் போகும். நிலையத்துக்கு வந்ததும் யாரிடமும் பேசாமல் பின்கட்டுக்குப் போய், தடித்த கையுறை போட்டு வாளியைக் கிளறினேன். நான்காவது துணியில் இருந்தது. கிழிந்த டேப்பின் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமைத் தேதி. கோடு கறுக்கவில்லை.

அந்தத் துணியோடு எவ்வளவு நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. ஒன்றை மட்டும் மறைக்காமல் எழுத வேண்டும். அந்தப் பாதி டேப்பை உரித்து எறிந்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்ற எண்ணம் எனக்கு வந்தது. வந்தது மட்டுமல்ல, நகம் டேப்பின் ஓரத்துக்குப் போனது. பட்டியலில் எல்லா டிக்கும் சரியாக இருந்தது. பொதி இரண்டு என்றுதானே கேட்கிறது? இரண்டு இருந்தது. என் வேலை போய்விடும், மகளை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்றும் ஓடியது. பிறகு அந்தக் கால் கண்முன் வந்தது. நான்தான் கத்தரித்தேன், அந்தச் செத்த தோலை, அந்தக் கத்தரியால்.

துணியை அப்படியே கொண்டுபோய் அக்கா முன் வைத்தேன். அக்கா ஆட்டோகிளேவ் நோட்டை எடுத்து விரித்தார். செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தேகால், பொதி நான்கு என்று எழுதியிருந்தது.

"நாலுதான் கெடந்துச்சு. நீ நாலுதான் கட்டியிருக்கேன்னு நெனச்சேன்" என்றார். நோட்டை மூடிவிட்டு, "கரண்டு இல்லேன்னு நானாச்சும் மேஜையில ஒரு சீட்டு எழுதி வச்சிருக்கணும் புள்ள" என்றார். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மருத்துவர் உட்காரச் சொல்லவில்லை. கேள்விகளாகக் கேட்டார். கருவிகள் கட்டுவதற்கு முன் குளோரினில் ஊறினவா, எவ்வளவு நேரம், அதற்கு முன் யார் யாருக்குப் பயன்பட்டன, புண்ணில் ரத்தம் வந்ததா. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். இன்றைக்கே போய்க் கட்டைப் பிரித்து, நிறைய உப்புநீரால் கழுவி, புண்ணின் கசிவைப் பரிசோதனைக்குப் பஞ்சில் எடுத்து, புதுக் கட்டுப் போட வேண்டும். மாத்திரையை மாற்ற வேண்டும். தினமும் பார்க்க வேண்டும். முன்னால் பயன்பட்டவர்களிடமிருந்து தொற்று ஏதும் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ரத்தமும் எடுக்க வேண்டும் என்றார். கடைசியாக, ஏன் என்று அவர்களிடம் நீதான் சொல்ல வேண்டும், கூட அக்கா வருவார் என்றார்.

ராசிங்காபுரத்துக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. நேற்று வந்தவள் இன்றும் வந்ததைப் பார்த்ததும் அவர் சிரித்தார். கால் மேல் ஆசை வந்துவிட்டதா என்று கேட்டார். நான் நின்றுகொண்டே சொன்னேன். நேற்று உங்களுக்குப் பயன்படுத்திய சாமான் கழுவினதுதான், ஆனால் கிருமி நீக்காதது, நான் பார்க்காமல் எடுத்துவந்துவிட்டேன், தப்பு என்னுடையது. வெளிறிய பொதியையும் கறுத்த பொதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தத் தாளை பத்துத் தடவ பாத்தியே ஆத்தா" என்றார். "இந்தப் புள்ள எம்புட்டுக் கருத்தா இருக்குன்னு நேத்துத்தான் இவகிட்டச் சொன்னேன்."

அவர் மனைவி முற்றத்தில் வைத்திருந்த வெந்நீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அக்காதான் பின்னால் போய்க் கேட்டு வாங்கி வந்தார்.

வெள்ளிக்கிழமை ஒன்றும் இல்லை. சனிக்கிழமை கட்டைப் பிரித்தபோது புண்ணைச் சுற்றிச் சிவந்து, பக்கத்து விரல் வீங்கியிருந்தது. புறங்கையை வைத்துப் பார்த்தேன், சுட்டது. காய்ச்சலும் இருந்தது. அன்றே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். ஆம்புலன்ஸில் அவர் மனைவியும் மகனும் ஏறினார்கள். நான் பையோடு தெருவில் நின்றேன். அவர் படுத்துக்கொண்டே, இப்ப ரெண்டாவது பத்திரமும் எழுதிருவாக போல என்று மகனிடம் சொன்னது கேட்டது.

அடுத்த ஐந்து நாட்கள் என் மகளுக்குச் சோறு ஊட்டும்போது ஸ்பூனைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். நாத்தனார் ஒருநாள் ஸ்பூனைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, நீ போய்ப் படு, நான் ஊட்டுகிறேன் என்றார். படுத்தும் தூங்கவில்லை. அந்த விரல் போனால் அதை நான் எப்படிச் சுமப்பேன் என்று யோசித்தேனா, அவர் எப்படி நடப்பார் என்று யோசித்தேனா? இரண்டும்தான். எது முதலில் என்று என்னை நானே கேட்காமல் இருந்திருக்கலாம்.

விரல் போகவில்லை. ஊசி வழியாக மருந்து ஏற்றி, வீக்கம் வடிந்து, ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தார். என் பொதியால்தான் அது வந்ததா, சர்க்கரை அந்த வாரம் ஏறியிருந்ததால் வந்ததா என்று மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான் அதில் ஒளிந்துகொள்ளவில்லை. ரத்தப் பரிசோதனையில் முதலில் எடுத்ததிலும், மாதங்கள் கழித்து மறுபடி எடுத்ததிலும் ஒன்றும் இல்லை. எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது, எழுதிக் கொடுத்தேன். பட்டியலில் பொதி வரிக்குப் பக்கத்தில் 'கோடு கறுத்ததா' என்று அக்கா தன் கையால் எழுதி ஒட்டினார். வேகாத பொதி இப்போது மேஜைக்கே வருவதில்லை. அதற்குத் தனியாகச் சிவப்புக் கூடை.

ராசிங்காபுரத்துக்கு அக்கா போகிறேன் என்றார். நானே போகிறேன் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் பாதி வழியில், ஏன் அப்படிச் சொன்னேன் என்று தவித்தேன். அவர் பழையபடி பேசினார். பொதியைப் பிரிக்கும் முன் டேப்பைக் காட்டச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் யாராவது இருந்தால் கூப்பிட்டு, "இங்கன வந்து பாருய்யா, கறுத்திருந்தாத்தான் தொடணும், இல்லேன்னா இந்தப் புள்ள கையப் புடிச்சுக்கிறணும்" என்பார். நான் காட்டுவேன். எல்லோரும் பார்ப்பார்கள். முகம் சுடும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர் மனைவி வெந்நீரை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஒரு வார்த்தை பேசியதில்லை.

புண் முழுதாக மூடியது இரண்டு மாதம் கழித்து. அன்று கட்டை எடுத்துவிட்டுப் புதிய தோலை விரலால் தடவிப் பார்த்தேன். பக்கத்து விரலை மடக்கச் சொன்னேன், மடக்கினார். இனி கட்டு வேண்டாம், மாதம் ஒருமுறை சர்க்கரை பார்க்க மட்டும் வருவேன் என்றேன். அவர் செருப்பில்லாமல் முற்றத்தில் நான்கு எட்டு வைக்கப் போக, வேண்டாம் என்று தடுத்தேன்.

அன்றைக்கே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்தபோது, கதவோரம் நின்றிருந்த அவர் மனைவி அருகில் வந்தார்.

"அந்த ஊசி புதுசுதானே?" என்றார்.

விரலில் குத்தும் அந்தச் சின்ன ஊசியை, மூடி திருகாமல் அப்படியே அவர் உள்ளங்கையில் வைத்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திரும்பி வந்து, மூடியை அவரே திருகி எடுத்துவிட்டு, கணவர் விரலைப் பிடித்துக்கொண்டு, ஊசியை என்னிடம் நீட்டினார்.